கழற்றிய சட்டை

அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கூலிக்காரன் மொக்கைச்சாமியை, பம்புசெட் மோட்டார் திருட்டுப் போன வழக்கில் 1981ஆம் ஆண்டு போலீஸ் பிடித்துப் போனது. மூன்று நாள் ஸ்டேஷனில் வைத்து எஸ்.ஐ. அடித்தார். காகிதத்திலோ, நாலாம் நாள் காலைதான் கைது. கோர்ட்டுக்குக் கூட்டிப் போகுமுன் ஏட்டு முழுக்கைச் சட்டை ஒன்றை மாட்டிவிட்டார். யாரிடமாவது வாயைத் திறந்தால் திரும்ப இங்கேதான் வரணும் என்று சொல்லிவைத்தார். மேலும் விசாரிக்க அவனைத் தங்கள் காவலில் கேட்டு மனுவும் தயார். திரும்பிப் போனால் பிணமாகத்தான் வெளியே வருவோம் என்று மொக்கைச்சாமிக்குத் தெரியும்.

மாஜிஸ்திரேட் ஹாலாஸ்யம், போலீஸ் அடித்தார்களா என்று கேட்டார். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். பின்னால் ஏட்டு நிற்கையில் எவன் ஆமாம் என்பான்? மொக்கைச்சாமியும் இல்லை என்றான். ஆனால் அப்பன் காலத்துப் பழக்கம் விடுமா? பெரிய மனுசர் முன்னால் மேலுக்குச் சட்டை ஆகாது. கேள்வி கேட்டவருக்கு மரியாதையாகச் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, கும்பிட்டுத் தரையில் விழுந்தான்.

முதுகு முழுக்க லத்தித் தடம்.

ஹாலாஸ்யம் அவனை எழுந்திருக்கச் சொன்னார். பிறகு ஒவ்வொரு காயத்தையும் தன் கையாலேயே எழுதினார். போலீஸ் காவல் மனுவைத் தள்ளினார். பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு, ஸ்டேஷனுக்கு அல்ல, ஜெயிலுக்குக் கொண்டு போகச் சொன்னார். மொக்கைச்சாமி பிழைத்தான். திருட்டு வழக்கும் பின்னால் நிற்கவில்லை.

அடித்த எஸ்.ஐ. மேல் வருவாய்த் துறை ஆர்.டி.ஓ. விசாரணை நடந்தது. சாட்சிக்குச் சம்மன் கொண்டு வந்தது அதே ஸ்டேஷன் கான்ஸ்டபிள். இழுத்துப் போனதைப் பார்த்த டீக்கடைக் காளை, தான் பார்க்கவே இல்லை என்றான். கடை நடத்த வேண்டுமே, அவனைத் திட்டி என்ன செய்ய? லாக்கப்புக்குள் பார்த்தவர்கள் எல்லாரும் காக்கிச் சட்டைக்காரர்கள். கீழே விழுந்தாலும் இப்படிக் காயம் வரலாம் என்றார் டாக்டர். அப்படியும் ஆர்.டி.ஓ. வழக்குப் போடலாம் என்றுதான் எழுதினார். அறிக்கை கலெக்டரிடம் போய், அங்கிருந்து சென்னைக்குப் போனது. அரசாங்கம் அனுமதி கொடுத்தால்தான் வழக்கு. அனுமதி வரவேயில்லை. எஸ்.ஐ.க்கு ஊர் மாற்றம், ஒரு வருசம் இன்கிரிமென்ட் கட். அம்புட்டுத்தான். மொக்கைச்சாமியின் பெண்டாட்டி இருளாயி மண்ணை வாரித் தூற்றினாள்.

"அவுக தப்பிச்சா தப்பிக்கட்டும். நான் உசுரோட இருக்கேன்ல?" என்றான் அவன்.

ஹாலாஸ்யம் ஓய்வுபெற்று மதுரை கே.கே. நகரில் இருப்பது தெரிந்து, ஒரு தைப் பொங்கலுக்கு அவனும் இருளாயியும் பூசணிக்காயோடு போனார்கள். அவருக்கு முதலில் ஆள் அடையாளம் தெரியவில்லை. வாசலிலேயே மொக்கைச்சாமியின் கை சட்டைப் பொத்தானுக்குப் போனது. அதைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"வேண்டாம்ப்பா, போட்டுண்டே உள்ள வாங்கோ. அன்னிக்கு நீங்க கழட்டலேன்னா, அந்த மனுவிலே நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்."

மொக்கைச்சாமி கழற்றிய ஒரு பொத்தானைத் திரும்பப் போட்டுக்கொண்டு, சட்டையோடு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தான்.