போட்டோவுல இருந்த விடை

கால்குலஸ் இரண்டாம் பாகத்துல நான் ஏற்கெனவே ரெண்டு தடவ பெயில். மூணாவது தடவையும் போச்சுன்னா படிப்பவிட்டே தூக்கிடுவாங்க. பகுதிநேரப் படிப்புக்கு வந்த எல்லாருக்கும் அதே சட்டம்தான். கிள்ளான்ல ஒரு டியூஷன் சென்டர்ல சின்னப் பிள்ளைங்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துட்டு இருந்தேன். டிகிரி இல்லாம இனிமே வச்சுக்க முடியாதுன்னு முதலாளியம்மா முகத்துக்கு நேரா சொல்லிட்டாங்க. அதனால அந்த சனிக்கிழமை அசைன்மெண்ட் எனக்கு வெறும் அசைன்மெண்ட் இல்ல. என் பொழப்பே அதுலதான் தொங்கிச்சு.

எங்க சார் ஒரு வினோதமான ஆளு. எல்லாரும் ஏ.ஐ. வச்சு கணக்குப் போட்டு அனுப்புறாங்கன்னு தெரிஞ்சதும், திட்டல, தடை போடல. முறையையே மாத்திட்டாரு. பிரிக்பீல்ட்ஸ்ல நடக்குற காலை வகுப்புலயே, அவர் கண்ணு முன்னாடி, பேனாவுல கணக்கைப் போடணும். போட்டு முடிச்சா ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்து போடுவாரு. அதை நாங்க போன்ல படம் எடுத்துக்கலாம். பேப்பரு அவருகிட்டயே இருக்கும். அதுக்கப்புறம் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள, அந்தப் படத்துல இருக்கிறத அப்படியே லாடெக்ல, அதான் கணக்க அச்சுப் புத்தகம் மாதிரி அடுக்கித் தர்ற சாப்ட்வேர்ல, அடிச்சு, பைலா அனுப்பணும். அந்த பைலப் பார்த்துத்தான் மார்க்கு, பாதி கணக்குக்கு, பாதி லாடெக்குக்கு.

"டைப் பண்ண எந்த ஏ.ஐ. வேணும்னாலும் யூஸ் பண்ணுங்க. ஆனா பேப்பர்ல என்ன இருக்கோ அதுதான் பைல்ல இருக்கணும். ஒண்ணும் கூட்டக்கூடாது, ஒண்ணும் குறைக்கக்கூடாது. ரெண்டும் ஒத்துப் போகலன்னா முழுசா சைபர்." இதை அவர் சிரிச்சுக்கிட்டே சொன்னதுதான் எனக்கு எரிச்சல்.

ஆனா அன்னைக்குக் காலையில வகுப்பவிட்டு வெளிய வரும்போது எனக்கு ஒரே குஷி. கடைசிக் கேள்விதான் பெருசு. எக்ஸையும், ஈ-யின் அடுக்கு மைனஸ் எக்ஸையும் பெருக்கி, பூஜ்யத்துலருந்து ஒண்ணு வரைக்கும் இன்டகிரேட் பண்ணணும். அந்த விடைய வச்சுத்தான் அடுத்த ரெண்டு பகுதியும். எனக்கு விடை சுத்தமா மைனஸ் ஒண்ணுன்னு வந்துச்சு. பின்னம் இல்ல, தசமம் இல்ல, ஒரு கறை இல்ல. இவ்வளவு அழகா வந்தா சரியாத்தான் இருக்கும்னு மனசு துள்ளிச்சு. கணக்கு வாத்திச்சிங்களுக்கு இருக்கிற வியாதி அது. பிள்ளைங்களுக்கு நாங்க போடுற கணக்கெல்லாம் முழு எண்ணுலதானே முடியும்.

கொமூட்டர் ரயிலு பிடிச்சு கிள்ளான் போய்ச் சேருறதுக்குள்ள நேரம் போயிடும். அதனால வகுப்புக்குப் பக்கத்துல இருந்த வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில மூலை மேசையப் பிடிச்சு லேப்டாப்பத் திறந்தேன். கூடப் படிக்கிற அண்ணனும் வந்து எதிர்ல உட்கார்ந்தாரு. அவர் போர்ட் கிள்ளான்ல லோரி ஆபீஸ்ல வேலை, அம்பத நெருங்குறாரு, என்னைய "தங்கச்சி"ன்னுதான் கூப்பிடுவாரு. வந்த வேகத்துல அவரோடத முடிச்சு அனுப்பிட்டு, சோத்தப் பிசைய ஆரம்பிச்சிட்டாரு.

எனக்கு ஆரம்பத்துலருந்தே சனியன். படத்துல என் தலை நிழல் பாதிப் பக்கத்துல விழுந்திருந்துச்சு. ஏ.ஐ.கிட்ட படத்தக் குடுத்து, "இதை லாடெக்கா மாத்து"ன்னு அடிச்சேன். லாடெக் வரியெல்லாம் சரசரன்னு வந்துச்சு. அதை ஒட்டி ஓட்டினா, அலைன்ங்கிற பகுதியே தெரியாதுன்னு சிவப்பா எரரு. சமன்பாடுகள வரிசையா அடுக்குறதுக்கான அந்தப் பகுதிக்கு ஒரு பேக்கேஜ் வேணும், அதைத் தலைப்புல சேர்க்கணும். சேர்த்தேன். அப்புறம் ஒரு இடத்துல டாலர் குறி ஒண்ணு விட்டுப் போச்சுன்னு எரரு. அதையும் போட்டேன். என் 'யூ'வை அது நாலுன்னு படிச்சிருந்துச்சு. என் கையெழுத்து அப்படி, அதைக் குத்தம் சொல்லக்கூடாது. மாத்தினேன். வாங்கி வச்ச தே தாரே டீ ஆறி ஆடை கட்டிப் போச்சு.

கடைசியா எரர் இல்லாம ஓடிச்சு. அம்மாடி, அந்தப் பக்கத்தப் பார்த்தப்போ கண்ணுல தண்ணியே வந்துருச்சு. சமக்குறியெல்லாம் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா நேர்கோட்டுல நிக்குது. இன்டகிரல் குறி நெட்டையா, அதோட காலடியில பூஜ்யம், தலைமாட்டுல ஒண்ணு. என் கோழிக் கிறுக்கல் புத்தகத்துல அச்சடிச்சமாதிரி இருந்துச்சு. "அண்ணே, பாருங்கண்ணே!"ன்னு திருப்பிக் காட்டினேன்.

"அடேங்கப்பா. அனுப்பு, அனுப்பு," அண்ணன் சொன்னாரு.

அனுப்புறதுக்கு முன்னாடி சும்மா கடைசி வரியப் பார்த்தேன். மைனஸ் ஒண்ணு இல்ல. 'ஒண்ணு கழித்தல், ஈ-யின் கீழ் ரெண்டு'ன்னு இருந்துச்சு.

"அலாமாக்! இந்தச் சனியன் பிடிச்ச மெஷின் என் விடையக் கெடுத்துருச்சுண்ணே!" கத்திட்டேன். பக்கத்து மேசை ஆன்டி திரும்பிப் பார்த்தாங்க. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல. காலையிலருந்து பொத்திப் பொத்தி வச்சிருந்த ஒரே நல்ல விடை. படத்தப் பெருசாக்கிப் பார்த்தேன். நான் எழுதினது மைனஸ் ஒண்ணுதான், சந்தேகமே இல்ல. மூணாவது வரியிலருந்தே இது வேற மாதிரி அடிச்சிருக்கு. நான் மைனஸ் போட்ட இடத்துல இது பிளஸ் போட்டிருக்கு.

மெஷின் தப்புன்னு அண்ணனுக்கு நிரூபிக்கணும்னு ஒரு வெறி. டிஷ்யூ பேப்பர எடுத்து அந்தக் கணக்கத் திரும்பப் போட்டேன். முதல் பாகம் சரி. இன்டகிரல் முன்னாடி ஒரு மைனஸ் இருக்கு. உள்ள ஈ-க்கு முன்னாடி இன்னொரு மைனஸ் இருக்கு. ரெண்டு மைனஸும் சேர்ந்தா...

பேனா நின்னுருச்சு. ரெண்டு மைனஸும் சேர்ந்தா பிளஸ். காலையில ஒரு மைனஸ நான் முழுங்கிட்டேன்.

மெஷின் கெடுக்கல. சத்தம் போடாம திருத்தியிருக்கு. மூணாவது வரியில என் தப்பச் சரி பண்ணி, அதுக்குக் கீழ உள்ளதையெல்லாம் அதுக்கேத்த மாதிரி மாத்தி, ஒரு வார்த்தை சொல்லாம அடுக்கிக் குடுத்துருச்சு. அதவிட வெட்கக்கேடு, பூஜ்யத்துக்கும் ஒண்ணுக்கும் நடுவுல அந்த வரைபடத்தோட கோடு அச்சுக்குக் கீழ இறங்கவே இறங்காது. பரப்பு எப்படி மைனஸ்ல வரும்? ஒரு நொடி யோசிச்சிருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும். சுத்தமா வந்துச்சுங்கிற சந்தோஷத்துல கண்ணு மறைச்சுப் போச்சு.

அண்ணன்கிட்ட விஷயத்தச் சொன்னேன். அவர் கை கழுவிட்டு வந்து நிதானமா உட்கார்ந்தாரு.

"அப்போ இது சரியான விடை தானே தங்கச்சி? அப்படியே அனுப்பு லா. இத்தனை பேர் பேப்பர, அவர் உட்கார்ந்து வரி வரியாவா ஒத்துப் பார்ப்பாரு?"

"பார்த்தா?"

"பார்த்தா பார்க்கட்டும். பார்க்கலன்னா பாஸ்."

அவர் சொன்னது நியாயமாத்தான் பட்டுச்சு. போன தடவ வேற ஒருத்தருக்கு இப்படித்தான் ஒத்துப் போகலன்னு சைபர் விழுந்துச்சுங்கிறது ரெண்டு பேருக்கும் தெரியும். ஆனா எல்லாரோடதையும் பார்க்கிறாரான்னு யாருக்கும் தெரியாது. மணி நாலரையத் தாண்டிருச்சு.

திரும்பவும் படத்தக் குடுத்தேன். "எதையும் திருத்தாதே. தப்பா இருந்தாலும் இருக்கிறபடியே அடி"ன்னு போட்டேன். இந்தத் தடவ அப்படியே அடிச்சுக் குடுத்துச்சு, மைனஸ் ஒண்ணு வரைக்கும். அதுக்குக் கீழ மரியாதையா ஒரு குறிப்பு. மூணாவது வரியில குறித் தவறு இருப்பது போலத் தெரிகிறது, சரிசெய்து தரவா?

"வேணாம்! வேணாம்! வேணாம்!" லேப்டாப்பப் பார்த்து வாய்விட்டே சொன்னேன். இப்போ அந்த ஆன்டி எழுந்து வேற மேசைக்கே போயிட்டாங்க.

ரெண்டு பைல் பக்கத்துல பக்கத்துல திறந்து கிடந்துச்சு. ஒண்ணு சரி, ஆனா என்னோடது இல்ல. இன்னொண்ணு என்னோடது, தப்பு. ரெண்டும் ஒரே மாதிரி அழகு. லாடெக்குக்குக் கணக்கு சரியா தப்பான்னு தெரியாது. தப்பான வரியையும் அதே நேர்கோட்டுல, அதே அச்செழுத்துல நிறுத்தி வைக்கும். ஒரு எரர் கூடக் காட்டாது. எனக்கு அழுகை முட்டிச்சு. சாமியெல்லாம் கூப்பிட்டேன். அவரு பார்க்காம விட்டுரட்டும், பார்த்தாலும் கண்டுக்காம போகட்டும்னு வேண்டினேன். அப்புறம், இந்தத் தப்புக்கு மார்க்க ரொம்ப வெட்டாம இருக்கட்டும்னும் வேண்டினேன். எந்த வேண்டுதல எந்த பைலோட சேர்க்கிறதுன்னுதான் புரியல.

போன் அடிச்சுச்சு. எங்க வீட்டுக்காரரு, ஷிப்ட் மாறுற நேரம். "என்னம்மா, அனுப்பிட்டியா?"

"இல்லைங்க. பேசாதீங்க, வைங்க." வச்சிட்டேன். பாவம் மனுஷன்.

அண்ணன் கடிகாரத்தப் பார்த்தாரு, என்னையப் பார்த்தாரு. தப்பான பைலத் தேர்ந்தெடுத்து அனுப்பினேன். அனுப்பியாச்சுன்னு பச்சை எழுத்துல வந்துச்சு. எனக்கு எந்த நிம்மதியும் வரல. கொமூட்டர்ல நின்னுக்கிட்டே வந்தேன். வழி முழுக்க என்னையே திட்டிக்கிட்டு வந்தேன், முட்டாளு, முட்டாளு, பெரிய இவ மாதிரி.

முடிவு வந்துச்சு. லாடெக்குக்கு முழு மார்க்கு. கணக்குல மூணாவது வரியிலருந்து கிட்டத்தட்ட எல்லாம் போச்சு, அடுத்த ரெண்டு பகுதியும் அந்த விடையிலதானே நிக்குது. முன்னாடி பரீட்சை மார்க்கையும் சேர்த்து மொத்தத்துல ஒரு மார்க்குல பெயில். சாருக்கு எழுதிக் கேட்டேன், மன்றாடினேன்னே சொல்லலாம். எல்லாப் பேப்பரையும் ஒத்துப் பார்க்க நேரம் இருக்கிறதில்ல, சிலதைத்தான் எடுத்துப் பார்ப்பேன், உங்களோடதை எடுக்கல, மார்க்கக் கூட்ட எனக்கு வழியில்லன்னு பணிவாப் பதில் போட்டாரு. அந்தப் பதில எத்தனை தடவ படிச்சேன்னு தெரியல.

பதில் வந்த அன்னைக்கு எங்க வீட்டுக்காரருக்கு ஆப் டே, வேலை இல்ல. சமையல்கட்டுல நின்னு எல்லாத்தையும் சொன்னேன். அவர் வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேட்டாரு.

"அப்போ அந்த மெஷினு சரியாத்தானே போட்டுக் குடுத்துச்சு?"

"ஆமா."

"அவரும் பார்க்கல."

"பார்க்கல."

"அதையே அனுப்பியிருந்தா பாஸ் ஆயிருப்ப."

"ஆமாங்க."

அவர் கோபப்படல. கோபப்பட்டிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கத்தியக் கீழ வச்சுட்டு என் முகத்தையே பார்த்தாரு. "பின்ன ஏம்மா?"

"அந்த விடையப் போட்டது நான் இல்லைங்க," சொன்னேன். விக்கி விக்கி அழுதுட்டேன்.