கோவிந்தம்மாளுக்கு எழுதிக் கொடுத்த ஐந்து வரி

சொக்கம்மாள் புள்ளலூர்க்காரி. நெல் அறுக்கும் கூலிக் குடும்பத்தில் பிறந்து, ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் தங்கி பிரசவம் பார்க்கக் கற்றவள். உத்திரமேரூர் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாகச் சேர்ந்து பதினாறு வருடம் ஆகிறது. எத்தனை பிரசவம் பார்த்தாய் என்று கேட்டால், ‘பெத்தவங்களைப் போய் கேளு’ என்பாள். ஆறுதல் வார்த்தை அவளுக்கு அவ்வளவாக வராது. வெந்நீர் வை, துணி எடு, மூச்சு விடு என்பதே அவள் பேச்சு.

எண்பத்து மூன்றாம் வருடம் ஒரு சனிக்கிழமை காலை, ஆயா வேலை பார்த்த கோவிந்தம்மாள் ஒரு அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். வேலைவாய்ப்பு அலுவலகத்து அட்டை. அதே ஆயா வேலைக்கு நிரந்தரமாக ஆள் எடுக்கிறார்கள். வியாழக்கிழமை காஞ்சிபுரத்தில் இன்டர்வியூ.

கோவிந்தம்மாள் கணவனை இழந்தவள். பதினோரு வருடமாகத் தினக்கூலியாகத்தான் அங்கே வேலை செய்கிறாள். விதவை என்பதால் வயது வரம்பு முப்பத்தைந்து வரை நீள்கிறது. ஐப்பசி வந்தால் அவளுக்கு முப்பத்தைந்து. இதை விட்டால் இன்னொரு அட்டை வராது.

“சந்தோஷம்தானே? ஏன் இப்படி வெளுத்துப் போய் கீறே?” என்றாள் சொக்கம்மாள்.

“போன தபா நடந்தது தெரியாதா சிஸ்டர்? உம் பேரு இன்னாம்மான்னு கேட்டாங்க. பேரு வாய்ல வரலை. அப்படியே நின்னேன். போம்மான்னு அனுப்பிட்டாங்க.”

மருந்துப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த கம்பவுண்டர் ஐசக் நிமிர்ந்தார். “பேரையே மறந்தவளுக்கு சர்க்கார் உத்தியோகம்! சீட்டுல எழுதி ரவிக்கையில குத்திக்கினு போ.”

“நீ மாத்திரையை எண்ணு” என்றாள் சொக்கம்மாள்.

அன்று முழுக்கக் கோவிந்தம்மாள் கையில் பிடித்ததெல்லாம் கீழே விழுந்தது. இரண்டு சிரிஞ்சு உடைந்தது. மத்தியானம் சாப்பிடவில்லை. வியாழன் வரை இவள் தாங்க மாட்டாள் என்று சொக்கம்மாளுக்குப் பட்டது.

மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பிரசவ வலி எடுத்து, ‘என்னால முடியாது’ என்று கத்துகிற பெண்ணுக்கு ஒரு சின்ன வாக்கியத்தைக் கொடுத்து அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது. பயந்து போன வாய்க்குச் சொல்ல ஒரு வாக்கியம் இருந்தால் புத்தி அதைப் பிடித்துக்கொள்ளும். வலிக்கு உதவுவது இன்டர்வியூவுக்கு உதவாதா?

ஞாயிற்றுக்கிழமை ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் நல்ல எழுத்துத் தமிழில் நாலு வரி எழுதினாள். ‘நான் மிகுந்த தைரியசாலி. எனக்குப் பயமே இல்லை. அதிகாரிகள் என்னைப் பாராட்டுகிறார்கள். எனக்கு இந்த வேலை கிடைத்துவிட்டது.’

“காலையில அஞ்சு தபா, ராத்திரி அஞ்சு தபா வாய்விட்டுச் சொல்லு” என்று கொடுத்து அனுப்பினாள்.

திங்கட்கிழமை கோவிந்தம்மாள் கண் சிவந்து வந்தாள்.

“சொன்னியா?”

“நூத்தியெட்டு தபா எழுதினேன் சிஸ்டர். மஞ்சத்துணியில சுத்தி மாரியாத்தா கோயில் வேப்பமரத்துல கட்டிட்டேன்.”

“எழுதிக் கட்டச் சொன்னேனா? வாய்ல சொல்லச் சொன்னேன்! போய் அவுத்துக்கினு வா.”

“ஐயய்யோ, கட்டினதை அவுத்தா குத்தம்.”

ஐசக் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டார். சொக்கம்மாளுக்குக் கோபம் வந்தது. அதற்குள் கோவிந்தம்மாள் தலையைக் குனிந்துகொண்டு மெல்லச் சொன்னாள்:

“சொல்லியும் பார்த்தேன்க்கா. தைரியசாலின்னு சொன்னா உள்ளேர்ந்து எவளோ, யார்கிட்டடீ பொய் சொல்றேங்கிறா. வேலை கிடைச்சிடுச்சின்னு சொன்னா, கிடைக்கலைன்னா இன்னா பண்ணுவேன்னு நெஞ்சு அடிச்சிக்குது. முன்னைக்கு இப்பதான் ஜாஸ்தி பயமா கீது.”

சிஸ்டர் போய் அக்கா வந்துவிட்டால் கோவிந்தம்மாள் ரொம்பப் பயந்திருக்கிறாள் என்று அர்த்தம். சொக்கம்மாள் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். தவறு தன்னுடையது. வலியில் கிடப்பவளிடம் ‘குழந்தை பிறந்துவிட்டது’ என்று சொல்லச் சொன்னதுண்டா? இல்லை. ‘மூச்சு விடறேன்’ என்றுதான் சொல்ல வைத்தாள். அந்த நேரத்தில் அவள் செய்துகொண்டிருப்பது, அவள் கையில் இருப்பது, பொய் இல்லாதது. இங்கே மட்டும் ஏன் மறந்து போனது?

“சரி. கிடைக்கிறது, கிடைக்காதது அவங்க கையில கீது. அதை விடு. உன் கையில இன்னா கீது? நீயே சொல்லு, உன் பேச்சுலயே சொல்லு. நான் எழுதறேன்.”

அரை மணி நேரம் ஆனது. பயம் என்ற சொல்லே வேண்டாம் என்று சொக்கம்மாள் அதைக் கோடு போட்டு அடித்தாள். இல்லை என்று சொன்னாலும் அது நினைவுக்கு வந்துவிடுகிறது. செய்யப் போகிறேன் என்று வந்ததையெல்லாம் செய்கிறேன் என்று மாற்றினாள். கடைசியில் ஐந்து வரி நின்றது.

‘நான் கோவிந்தம்மாள். பதினோரு வருசமா ஆஸ்பத்திரி வேலை செய்றேன்.
என் கால் தரையில கீது. நான் மெதுவா மூச்சு விடறேன்.
கேள்வியை முழுசாக் கேக்கறேன். அப்புறம் பேசறேன்.
தெரிஞ்சதைச் சொல்றேன். தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றேன்.
கை நடுங்குது. நடுங்கற கையாலயும் நான் வேலை செய்றேன்.’

கடைசி வரியைக் கோவிந்தம்மாள்தான் சொன்னாள். அதைச் சொக்கம்மாள் அடிக்காமல் அப்படியே எழுதினாள்.

படித்துக் காட்டியபோது, “இதுல ஒண்ணும் பொய் இல்லைக்கா” என்றாள் கோவிந்தம்மாள்.

செவ்வாயும் புதனும் பெருக்கும்போதும் வெந்நீர் வைக்கும்போதும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். புதன் சாயங்காலம் ஐசக்கை அதிகாரியாக நாற்காலியில் உட்கார வைத்தார்கள். “பேரு இன்னா?” என்று அவர் அதட்டினார். இரண்டு தடவை வாய் அடைத்தது. மூன்றாம் தடவை பேர் வந்தது. அதற்கு மேல் சொக்கம்மாள் விடவில்லை. “போய்த் தூங்கு.”

வியாழக்கிழமை லீவு எழுதிக் கொடுத்துவிட்டுச் சொக்கம்மாளும் பஸ் ஏறினாள். காஞ்சிபுரத்து ஆபீஸ் வராந்தாவில் நாற்பது பெண்கள். பத்து மணிக்கு என்றவர்கள் ஒன்றரைக்குத்தான் கோவிந்தம்மாளைக் கூப்பிட்டார்கள். அவள் உதடு அசைய எழுந்து போனாள். கதவு மூடிக்கொண்டது.

சொக்கம்மாள் காதைக் கதவில் வைக்காத குறை. உள்ளே சத்தமே இல்லை. ஒரு நிமிடம் போனது. இன்னும் ஒரு நிமிடம். மறுபடியும் நின்றுவிட்டாளோ? நாற்பது மணி நேரம் இழுத்த பிரசவத்தில் கூடச் சொக்கம்மாளுக்கு இப்படி உள்ளங்கை வேர்த்ததில்லை. பக்கத்தில் இருந்தவள் ஏதோ கேட்டாள், காதில் விழவில்லை. திடீரென்று உள்ளே யாரோ பலமாகச் சிரித்தார்கள். போச்சு என்று நினைத்தாள்.

பத்து நிமிடம் கழித்துக் கோவிந்தம்மாள் வெளியே வந்தாள். வேர்வை துடைத்துத் துடைத்து முந்தானை நனைந்திருந்தது.

“இன்னாடி சிரிப்பு?”

“மனசுல சொல்ல வேண்டியதை வாய்விட்டுச் சொல்லிட்டேன்க்கா. நான் மெதுவா மூச்சு விடறேன்னு. பெரிய ஐயா, விடும்மா, யாரு வாணாம்னாங்கன்னு சிரிச்சிட்டாரு. எனக்கும் சிரிப்பு வந்திடுச்சு. அப்புறம் பேரு வந்தது.”

“அப்புறம்?”

“சிரிஞ்சை எப்படிக் கொதிக்க வைப்பேன்னு கேட்டாங்க. குழாய் வேற, உள்ள போற தண்டு வேற கழட்டி, துணியில சுத்தி, தண்ணி கொதிச்ச பின்னால இருபது நிமிசம்னு சொன்னேன். புது மெஷின் ஒண்ணு பேரு சொன்னாங்க. தெரியாதுங்க ஐயா, காட்டினா செய்வேன்னேன். எழுதிக்கினாங்க.”

சொக்கம்மாள் அவளை ஓட்டலுக்கு அழைத்துப் போனாள். கோவிந்தம்மாள் எட்டு இட்லி தின்றாள். சொக்கம்மாளுக்கு ஒன்று கூட இறங்கவில்லை.

ஐந்து வாரம் கழித்து உத்தரவு வந்தது. வேலை கிடைத்துவிட்டது, ஆனால் மதுராந்தகம் பக்கத்து ஆஸ்பத்திரியில். திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். கோவிந்தம்மாள் உத்தரவை இரண்டு தடவை படித்துவிட்டு அழுதாள்.

“அழுவாதே. பொட்டி கட்டு” என்றாள் சொக்கம்மாள். அடுத்த பிரசவத்துக்கு வெந்நீர் யார் வைப்பது என்று யோசித்தபடி அடுப்பைப் பற்ற வைத்தாள்.