சாக்ஸ் அக்கா

பிரசவ வார்டில் அவருக்கு வைத்த பட்டப்பெயர் சாக்ஸ் அக்கா. எந்தக் குழந்தை வீட்டுக்குக் கிளம்பினாலும் முதலில் அதன் காலுறையைக் கழற்றிவிடுவார் என்பதால் வந்தது. பெயரை வைத்தவர்கள் அன்போடு வைக்கவில்லை. பெற்றவர்கள் ஆசையாக மாட்டிவிட்டதை உருவிப் போடுகிறவரை யாருக்குப் பிடிக்கும்?

அவர் அப்படியொன்றும் இனிமையான மனுஷி இல்லை. குழந்தைகளைக் கொஞ்ச மாட்டார். அடுத்தவர் டப்பாவிலிருந்து பிஸ்கட் எடுத்துத் தின்றுவிட்டு டப்பா காலியாக இருப்பதாகப் புகார் சொல்வார். அவருடைய கணவர் பேருந்து ஓட்டுநர். "நான் தினமும் ஆளுங்கள ஏத்திவிடறேன், இவ போற ஆளுங்கள இறக்கிவிடறா" என்பார். வீட்டில் அந்த நகைச்சுவைக்குப் பல வருடங்களாக யாரும் சிரிப்பதில்லை. அவரும் விடுவதாக இல்லை.

அக்காவின் வேலை வார்டின் கடைசி அறையில். சுகப்பிரசவமாகி, தாயும் சேயும் நலம் என்று எல்லோரும் சொல்லி முடித்த பிறகு வந்து சேரும் அறை. அங்கே ஒரு சின்னக் கருவி. அதன் நுனியில் சிவப்பாக ஒளிரும் பட்டையைக் குழந்தையின் வலது கையில் சுற்றினால், ரத்தத்தில் எவ்வளவு ஆக்ஸிஜன் என்று திரையில் ஓர் எண் வரும். பிறகு அதே பட்டையை ஒரு பாதத்தில் சுற்றி இன்னோர் எண். குழந்தை பிறந்து ஒரு நாளாவது ஆகியிருக்க வேண்டும். அழாமல், கதகதப்பாக இருக்க வேண்டும். இரண்டு எண்ணும் தொண்ணூற்றைந்துக்குக் குறையாமல், ஒன்றுக்கொன்று மூன்றுக்கு மேல் விலகாமல் இருந்தால் வீட்டுக்குப் போகலாம். தொண்ணூறுக்கும் கீழே போனால் உடனே டாக்டர். நடுவில் நின்றால் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். வேலை அவ்வளவுதான். ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் விடை ஒன்றே: ஒன்றுமில்லை. வாழ்நாள் முழுக்க "ஒன்றுமில்லை" என்ற விடைக்காக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பது மனதை என்ன செய்யும் என்று யோசித்துப் பார்க்கலாம். பெரும்பாலும் அது மனதைத் தூங்கவைக்கும். அக்காவும் தூங்கிய நாட்கள் உண்டு.

ஒருநாள் காலை அக்கா பிரசவ அறைக்கு உதவப் போயிருந்தார். திரும்பும்போது கடைசி அறையில் ஒரு குடும்பம் கிளம்பத் தயாராக நின்றது. பெண் குழந்தை. ரோஜா நிறம், நல்ல எடை, பாலும் குடிக்கிறது. தலை முதல் பாதம் வரை ஒரே துணியில் தைத்த மஞ்சள் உடுப்பு. கால்கள் உள்ளேயே அடங்கிவிடும், கைகள் மட்டும் வெளியே. தைத்தவள் குழந்தையின் அத்தை, தையற்காரி. பொத்தான் முதுகுப் பக்கம். கருவியை இன்னொரு செவிலி வைத்துப் பார்த்துவிட்டாள், தொண்ணூற்றேழு, தொண்ணூற்றேழு என்று வந்திருந்தது. தகப்பன் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு வந்து பையைத் தோளில் போட்டுக்கொண்டான்.

அக்காவும் வழிவிட்டு ஒதுங்கினார். அப்போது அத்தைதான் தன் கைவேலையைக் காட்டும் ஆசையில் சொன்னாள்.

"அந்தப் பொண்ணு தங்கமான பொண்ணு சிஸ்டர். உடுப்பக் கசக்க வேணாம்னு ரெண்டு கையிலயுமே மாட்டிப் பாத்துட்டா. ஒரு பொத்தான்கூடக் கழட்டல."

அக்கா பையைத் தகப்பன் தோளிலிருந்து இறக்கச் சொன்னார்.

அந்தச் செவிலி சோம்பேறி இல்லை. இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு இடத்தில் பார்த்தாள். எதற்காக இரண்டு என்பது மட்டும் வேலையின் வேகத்தில் அவள் கையிலிருந்து நழுவியிருந்தது.

பொத்தான்களை அவிழ்க்கும்போது அத்தை முகம் சுண்டிப்போனது. தாய் கட்டிலில் மறுபடி உட்கார்ந்தாள். வலது கையில் தொண்ணூற்றேழு. பாதத்தில் தொண்ணூற்றொன்று.

கால் சில்லிட்டிருந்தால் எண் பொய் சொல்லும். அக்கா பாதத்தை உள்ளங்கையில் பொதிந்து சூடாக்கினார். திரையில் எண்ணுக்குக் கீழே ஓடும் அலை ஒழுங்காக ஏறி இறங்கும்வரை காத்திருந்தார். தொண்ணூற்றொன்று. பட்டையை மாற்றி, மற்ற காலில். தொண்ணூற்றொன்றுதான்.

"மிஷின் பழசோ என்னமோ" என்றான் தகப்பன்.

"இருக்கலாம். ஒரு மணி நேரம் இருங்க, திரும்பப் பாக்கறேன்."

"புள்ள நல்லாத்தான இருக்கா சிஸ்டர்? பாருங்க, எப்படி முழிக்கிறா."

அக்கா குழந்தையைப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. இந்தக் குறைவு எந்தக் கண்ணுக்கும் தெரியாது. தோல் நீலம் பாய்வதற்கு ரத்தம் இன்னும் எவ்வளவோ கீழே இறங்க வேண்டும். நம்புகிற கண்ணையும் நம்பாத கருவியையும் வைத்துக்கொண்டு அந்தக் குடும்பம் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தது. வண்டியை எடுக்கச் சொல்லிக் காவலாளி இருமுறை வந்துபோனார்.

மறுபடியும் ஆறு எண் இடைவெளி. அக்கா குழந்தை மருத்துவரை அழைத்தார். அவர் ஒரு கேள்வியும் எழுப்பாமல் வந்து, கையிலும் தொடையிடுக்கிலும் நாடி பார்த்தார், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். தனக்கு எதுவும் தப்பாகத் தெரியவில்லை என்றார். எண்ணோ தாழ்ந்திருக்கிறது, அதனாலேயே இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும் என்றார்.

ஸ்கேன் முடிந்ததும் தாயின் கட்டிலருகில் அமர்ந்து டாக்டர் விளக்கினார். கருவில் இருக்கும்போது நுரையீரலுக்குப் போகாமல் ரத்தம் உடலுக்குப் போக ஒரு குறுக்குவழிக் குழாய் உண்டு. பிறந்தபின் சில நாட்களில் அது தானே மூடிக்கொள்ளும். இந்தக் குழந்தைக்கு, கைகளுக்கும் தலைக்கும் ரத்தம் போனபின் கீழ்நோக்கி இறங்கும் பெருங்குழாய் மிகவும் குறுகியிருக்கிறது. உடம்பின் கீழ்ப்பகுதிக்கு இப்போது ரத்தம் போவது அந்தக் குறுக்குவழி தயவில்தான். ஆக்ஸிஜன் குறைந்த ரத்தம் அது. அதனால்தான் காலில் எண் தாழ்ந்தது.

"அது மூடிட்டா?" என்றாள் தாய்.

"வீட்ல மூடியிருந்தா பால் குடிக்காது, மூச்சு வாங்கும். நீங்க ஓடி வர்றதுக்குள்ள கைமீறிப் போயிருக்கலாம். இப்ப மூடாம இருக்க மருந்து ஏத்தறோம்மா. அதுல சில சமயம் மூச்சு விட்டு விட்டு வரும், கூடவே ஆள் இருந்து பாத்துக்குவாங்க. ஆபரேஷன் வேற ஆஸ்பத்திரியில."

ஆம்புலன்ஸ் கிளம்பியது. தகப்பனின் வண்டி அதன் பின்னே போனது.

பிற்பகலில் அந்தச் செவிலி தானாக வந்து, அந்த வாரம் இன்னொரு குழந்தைக்கும் அப்படித்தான் பார்த்ததாகச் சொன்னாள். அக்கா திட்டினார், நன்றாகவே திட்டினார். பிறகு இருவருமாக அந்த வீட்டுக்குத் தொலைபேசி செய்து குழந்தையைக் கொண்டுவரச் சொன்னார்கள். கையில் தொண்ணூற்றெட்டு, காலில் தொண்ணூற்றெட்டு. வெயிலில் அலைக்கழித்ததற்கு அந்தக் குழந்தையின் தகப்பன் வாயில் வந்ததையெல்லாம் கொட்டினான். அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அவ்வளவு பொறுமையாக அவர் திட்டு வாங்கி யாரும் பார்த்ததில்லை.

குறுகிய குழாயைச் சரிசெய்து, குழந்தை தேறி, வீடு திரும்பிய பிறகு ஒருநாள் அத்தை வார்டுக்கு வந்தாள். நன்றி சொல்ல வந்தவள்போல் இல்லை. நாட்கணக்காக உள்ளே அரித்த ஒன்றைக் கேட்க வந்திருந்தாள்.

"அன்னைக்கு நான் அந்த உடுப்பப் பத்திப் பெருமையடிக்காம இருந்திருந்தா, நீங்க எங்கள நிறுத்தியிருப்பீங்களா?"

வேறு யாராக இருந்தாலும், எப்படியும் பார்த்திருப்பேன் என்று சொல்லியிருக்கலாம். அது அவளுக்கும் வேண்டியிருந்தது. அக்கா சற்று யோசித்தார். அவரைப் பற்றிப் பாராட்டாகச் சொல்ல இருப்பது அந்த யோசனை ஒன்றுதான்.

"இல்லம்மா. வழிவிட்டு நின்னுட்டுதான இருந்தேன்."

அத்தை கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அக்கா ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். அதற்குமேல் ஆறுதல் சொல்ல அவருக்கு வராது.

அடுத்த கட்டிலில் ஒரு குழந்தை கிளம்பக் காத்திருந்தது. வேறொருவர் பார்த்து முடித்துவிட்டார். இப்போதெல்லாம் அக்கா அதைக் கேட்டுக்கொள்வார், ஆனால் தானும் ஒருமுறை பார்க்காமல் விடமாட்டார். குனிந்து காலுறையை உருவினார். பட்டையைப் பாதத்தில் சுற்றிவிட்டு, அலை சீராவதற்காக நின்றார்.