சிவப்பு விளக்கும் வாய்வார்த்தையும்

என் அக்கா வீட்டுக்காரரைப் போல ஒரு மனுஷனை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது லேசுப்பட்ட காரியமில்லை. அத்தான் தையல் மெஷின் ரிப்பேர் செய்பவர். ஊருக்கு வெளியே தூரம் தொலைவாக மூன்று தையல் கம்பெனிகள், மூன்றிலும் ரிப்பேர் அவர் கையில். பழைய வேன் படுத்துவிட்டதிலிருந்து வாடகைக் கார்தான். கார் வாடகைக்கு விட எங்கள் பக்கம் இருப்பதோ ஒரே ஒரு ஏஜென்சி. அங்கே கார் கிடைத்தால் அவருக்கு வேலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அவர் தொழிலில் எல்லாமே வாய்வார்த்தைதான். கம்பெனி சூப்பர்வைசர் அம்மா போனில் "வாங்க" என்றால் போவார், "அப்புறம் பாக்கலாம்" என்றால் திரும்பி வருவார். துண்டுச்சீட்டில்கூட எழுதி வாங்கியதில்லை. கேட்டால், பேச்சை நம்பாதவனுக்கு எதற்குத் தொழில் என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்குக் கருவிப்பெட்டி தூக்க நானும் கூடப் போயிருந்தேன். பாதி வழியில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. எண்ணெய்க்குடுவைப் படம். அத்தான் உடனே ஓரங்கட்டினார். எண்ணெய் இல்லாமல் ஓடும் மெஷினின் கதி அவருக்குத் தெரியாததா? இன்ஜினை அணைப்பதற்குள், எரிகிற விளக்கும் ஓடிய கிலோமீட்டரும் ஒன்றாகத் தெரியும்படி நான் போட்டோ எடுத்துவிட்டேன். அணைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால் எந்தக் காரிலும் அந்த விளக்கு எரியும், அப்புறம் எடுத்து என்ன பயன்? பானெட்டைத் திறந்து, எண்ணெய் அளவுக்கம்பியை உருவிப் பார்த்தோம். நுனியில் மட்டும் கொஞ்சம் பிசுபிசுப்பு.

ஏஜென்சிக்குப் போன் போட்டார். எடுத்தது கவுண்டரில் புதிதாகச் சேர்ந்த பெண். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். பக்கத்திலேயே தங்களுக்குத் தெரிந்த ஒர்க்‌ஷாப் இருக்கிறது, மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்றாள்.

"சிவப்புல எரியுதும்மா. ஓட்டலாமா?" என்று அத்தான் இரண்டு தடவை கேட்டார்.

"ஒண்ணும் ஆகாது சார், மெதுவா போங்க" என்றாள்.

அதை மெசேஜில் அனுப்பச் சொல்லுங்கள் என்று நான் காதைக் கடித்தேன். இல்லையென்றால் 'நீங்க சொல்லித்தான் ஓட்டுறோம்' என்று நாமாவது ஒரு வரி போட்டோவோடு அனுப்புவோம் என்றேன்.

"சும்மா இருடா. சின்னப் பொண்ணு, சந்தேகப்படுறோம்னு நெனைக்கும். வண்டி அவங்களது, அவங்க சொல்றாங்க" என்று கிளப்பினார். ஒர்க்‌ஷாப் போய்ச் சேரவில்லை. இன்ஜின் கடகடவென்று இரைந்து, நடுரோட்டில் செத்துப்போனது. கயிறு கட்டித்தான் இழுத்துப் போனார்கள்.

மறுநாள் ஏஜென்சியில் மேனேஜர் முகம் கொடுத்தே பேசவில்லை. விளக்கைப் பார்க்காமல் ஓட்டி இன்ஜினைக் கெடுத்துவிட்டதாகச் சொன்னார். பார்க்காமலா? நான் பெருமையாகப் போனை நீட்டினேன். அவர் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். இழுத்து வந்த வண்டியின் கிலோமீட்டரைக் குறித்திருந்த சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"பாத்துட்டுத்தான் ஓட்டியிருக்கீங்க. இங்கதான் எரிஞ்சிருக்கு, அதுக்கப்புறம் இவ்வளவு தூரம். நீங்க எடுத்த போட்டோவே சொல்லுதே."

உங்கள் ஆபீசில்தான் ஓட்டச் சொன்னார்கள் என்று கத்தினேன். போன் வந்தது பதிவாகியிருக்கிறது, பேசியது பதிவாகவில்லை என்றார் மேனேஜர். நான் சொந்தக்காரன், என் சாட்சி செல்லாதாம். ஒரு வரி எழுத்தில் இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது என்று, நான் சொன்னதையே எனக்குச் சொன்னார் அந்த மகராசன். பிறகு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்.

"நிறுத்தத்தான் சார் சொன்னேன்" என்றாள். தலை நிமிரவில்லை. மேஜை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். நன்றாகப் பயப்படட்டும் என்றுதான் எனக்கு இருந்தது.

அத்தான் அவள் பக்கம் திரும்பினார். "சரிம்மா. நான்தான் தப்பாக் கேட்டுட்டேன்போல" என்று சொல்லி, தப்பு தன்னுடையதுதான் என்று மேனேஜர் எழுதி நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். உங்களுக்குப் பைத்தியமா என்றுகூடக் கேட்டேன். கட்டிய முன்பணம் போனது போகட்டும், இனி இவருக்குக் கார் தருவதில்லை என்று சொல்லிவிட்டார்களே!

"உண்மையச் சொன்னா அவ வேலை போயிடும்டா" என்றார்.

"உங்க வேலை?"

நடந்துகொண்டே இருந்தார். அந்த வார முடிவில் சூப்பர்வைசர் அம்மா போனில் அழைத்தார், நாலு மெஷின் நின்றுவிட்டதாம். அத்தான் போனைக் காதில் வைத்தபடி சுவரைப் பார்த்து நின்றார். அடுப்படி வாசலில் அக்கா. "வேற ஆளப் பாத்துக்குங்கம்மா" என்றார் அத்தான். சொல்லிவிட்டு, யார் நன்றாக வேலை செய்வார்கள் என்று அவரே ஒருவரைச் சொல்லி, அவருடைய நம்பரையும் நிதானமாகக் கொடுத்தார்.