உலை வேறு, பாகம் வேறு

என் வீட்டுக்காரர் நாச்சியப்பனைப் பற்றிக் காரைக்குடியில் யாரைக் கேட்டாலும், "சொத்து வழக்கா, அவர்கிட்டப் போங்க" என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயரைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். சொத்துச் சட்டத்தில்தான் மனுஷர் கோட்டை விட்டார். எப்படி எழுந்து நின்றார் என்பது எனக்குத்தானே தெரியும்.

அது அறுபத்தாறாம் வருஷம். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். இவர் சென்னையில் பி.எல். முடித்துவிட்டு வந்து ரிசல்டுக்குக் காத்திருந்தார். மூத்தார், அதாவது இவருடைய அண்ணன், பினாங்கில் எங்கள் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போய் வருஷக்கணக்காகிவிட்டது. அவர் பெண்டாட்டி எங்கள் பெரிய வளவு வீட்டில் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, கடுதாசிக்குக் காத்திருந்து முகமே வற்றிப்போயிருந்தாள். மூத்தாரைத் திருப்பிக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும் என்றால் வீட்டு ஆள் யாராவது ஒருவர் போயாக வேண்டும். இவருடைய அப்பாவான மாமா முடிவாகச் சொல்லிவிட்டார்: சின்னவன் வக்கீலானால் இங்கேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் பினாங்குக்குக் கப்பல் ஏறட்டும்.

ஜூன் மாதம் பேப்பரில் நம்பர் வந்தது. இவர் நம்பர் இல்லை. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்று தேடினார். கடைசியில் பேப்பரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "உமையா, தண்ணி கொண்டா" என்றார். மார்க் விவரம் வந்தபோதுதான் தெரிந்தது, எல்லாவற்றிலும் தேறிவிட்டார், இந்துச் சட்டம் ஒன்றில்தான் போய்விட்டது.

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். "எல்லாத்தையும் விட்டுட்டு இதுலயா? சொத்தும் சுவீகாரமும் நம்ம வீட்டுல பொழுதுக்கும் பேசுற பேச்சுல்ல!" என்று கேட்டேன்.

"அதான் எனக்கும் புரியலை. இதைத்தான் கடகடன்னு எழுதினேன். நேரம் மிச்சம் இருந்துச்சு" என்றார்.

செப்டம்பரில் அந்த ஒரு பேப்பரை மட்டும் மறுபடி எழுதலாம். அதற்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டார். ஆனால் மாமா சும்மா இருப்பாரா? அவர் பாட்டுக்குப் பாஸ்போர்ட்டுக்கு ஆள் பிடித்தார். நாகப்பட்டினத்திலிருந்து கார்த்திகையில் புறப்படும் கப்பலுக்கு இடமும் சொல்லி வைத்துவிட்டார். ரிசல்ட் சரியாக வந்தால் ரத்து செய்துகொள்ளலாமாம். பினாங்குக்குப் போனவர் மூன்று வருஷத்துக்குத் திரும்ப மாட்டார். மூத்தார் பெண்டாட்டியின் முகம் நாளைக்கு என் முகம்.

இவர் படித்த அழகைச் சொல்லவேண்டுமே! புத்தகத்தை முதல் பக்கத்தில் திறப்பார், கல்யாணச் சட்டத்தை முழுக்க உருப்போடுவார். மைனர், கார்டியன் என்று அடுத்ததைத் தொடுவார். அடுத்த நாள் பயம் வந்துவிடும், மறுபடி முதல் பக்கம். சோறு இறங்காது. இலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

ஒரு நாள் திருப்பத்தூரிலிருந்து குருநாதன் வந்தார். இவரோடு படித்தவர், தேறிவிட்டவர். வந்ததும் வராததுமாக, "நீ எங்க விட்டேன்னு தெரியாம முழுசையும் படிச்சா, விட்ட இடத்துலயேதான் மறுபடி விடுவ. கேள்வித்தாளை எடு. அன்னைக்கு என்ன எழுதினியோ அதை அப்படியே திரும்ப எழுது. நல்லா எழுதணும்னு பார்க்காத" என்றார்.

இவர் எழுதினார். ஞாபகசக்தி அபாரம், அதில் குறை சொல்ல முடியாது. குருநாதன் சட்டப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். கல்யாணச் சட்டம் சரி. மைனர் சொத்து சரி. இவர் ராப்பகலாக உருப்போட்டதெல்லாம் முன்னமே நன்றாக எழுதியவை! பிரச்சினைக் கேள்விகளில்தான் அடி. ஒரு கதையைக் கொடுத்து யாருக்கு என்ன பங்கு என்று கேட்பார்களாம், அவை. அதிலும் இரண்டு சுத்தமாகத் தப்பு. ஏன் தப்பு என்று குருநாதன் விளக்கப் போனால் இவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"நான் எழுதினது சரிதான்டா. திருத்தினவுகளுக்குத்தான் தெரியலை."

"அப்ப செப்டம்பர்லயும் அதையே எழுது, பினாங்குல போயி நல்லா இரு" என்று சொல்லிவிட்டுக் குருநாதன் பஸ்ஸுக்குப் போய்விட்டார். இவர் இரண்டு நாள் கேள்வித்தாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் மாமா பாஸ்போர்ட் காகிதத்தில் கையெழுத்துக் கேட்டு வந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கல்யாணமான கொஞ்ச நாளில் மகனையும் மருமகளையும் வேறு வைத்துவிடுவார்கள். ஒரே வீடுதான். ஆனால் தனி அடுப்பு, தனிப் பாத்திரம். வருஷத்துக்கு இவ்வளவு நெல், இவ்வளவு செலவுக்கு என்று கொடுத்துவிடுவார்கள். மாமியார் அடுப்பு அங்குட்டு, என் அடுப்பு இங்குட்டு, மூத்தார் பெண்டாட்டி அடுப்பு அதற்கும் அங்குட்டு.

இவருக்கு அன்றைக்கு என்ன தைரியமோ, காகிதத்தைத் தொடவில்லை. "அப்பச்சி, எங்களை வேற வச்சாச்சு. நான் பிரிஞ்சவன். போறதும் இருக்கிறதும் என் இஷ்டம்" என்றார்.

அப்பப்பா, மாமாவுக்கு வந்ததே கோபம்! "ஏண்டா, தனி உலை வச்சுக் குடுத்தா பிரிஞ்சதா அர்த்தமா? உலை வேற, பாகம் வேற! உனக்குச் சொத்துல பாகம் யாருடா பிரிச்சது? நான் பிரிச்சேனா, நீ கேட்டியா? எல்லாம் இன்னும் ஒண்ணாத்தான்டா கிடக்கு! இதுகூடத் தெரியலை, இவரு வக்கீலுக்குப் படிச்சிருக்காராம்!"

இவர் காகிதத்தை வாங்கினார், மடமடவென்று கையெழுத்துப் போட்டார், விறுவிறுவென்று அறைக்குள் போய்விட்டார். போச்சு, மனுஷர் உடைந்துவிட்டார் என்று நினைத்து நான் பின்னாலேயே ஓடினேன். உள்ளே கேள்வித்தாளை விரித்து வைத்துக்கொண்டு நிற்கிறார். முகம் வேர்த்திருக்கிறது.

"உமையா, அந்தக் கேள்வியே இதுதான்" என்றார்.

கேள்வி என்னவென்றால், ஒரு தகப்பன், இரண்டு மகன்கள். ஒரே வீட்டில் மகன்கள் தனித்தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். பூர்வீகச் சொத்து இருக்கிறது. தகப்பன் உயில் எழுதாமல் இறந்துவிடுகிறார். மனைவியும் கட்டிக் கொடுத்த ஒரு மகளும் இருக்கிறார்கள். யாருக்கு என்ன பங்கு?

இவர் என்ன எழுதியிருந்தார் தெரியுமா? மகன்கள் வேறு போய்விட்டார்கள், ஆகவே குடும்பம் ஏற்கனவே பிரிந்துவிட்டது. மகளுக்குச் சீர் செய்து அனுப்பியாயிற்று, ஆகவே அவளுக்கு ஒன்றுமில்லை. அச்சு அசலாக எங்கள் வளவு நடைமுறை! சட்டமோ, தனியாகச் சமைப்பது மட்டும் பாகப்பிரிவினை ஆகாது, பிரிகிறேன் என்ற எண்ணம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்கிறது. குடும்பம் ஒன்றாகத்தான் இருக்கிறது. மனைவியும் மகளும் இருப்பதால் ஐம்பத்தாறாம் வருஷத்துச் சட்டப்படி தகப்பன் பங்கு மகன்களுக்கு மட்டும் போகாது. சாவதற்குச் சற்று முன் பாகம் பிரித்ததாக வைத்துக்கொண்டால் தகப்பனும் இரண்டு மகன்களுமாக மூன்று பங்கு, அதில் தகப்பனுக்கு ஒன்று. அந்த ஒன்றை மனைவி, இரண்டு மகன், மகள் நான்கு பேருக்கும் சமமாகப் பிரிக்க வேண்டும். சீர் கொடுத்ததால் மகள் பங்கு அழியாது.

சுவீகாரக் கேள்வியும் இதே கூத்துதான். எங்கள் பக்கம் கல்யாண வயசில் இருப்பவனைக்கூடப் பிள்ளை கூட்டுவார்கள், அதாவது சுவீகாரம் எடுப்பார்கள். இவர், வயது ஒரு தடையே இல்லை என்று எழுதிவிட்டார். சட்டப்படி பதினைந்து வயதுக்கு மேல் என்றால், அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது என்று சொல்லி நிரூபித்தாக வேண்டுமாம்.

"தெரிஞ்ச விஷயம்தானேன்னு இந்தப் பகுதியெல்லாம் நான் புத்தகத்தைத் தொறக்கவே இல்லை" என்றார். எனக்கு அழுகையும் வந்தது, அடக்க முடியாமல் சிரிப்பும் வந்தது.

மறுநாளே திருப்பத்தூருக்கு ஓடி, குருநாதன் காலில் விழாத குறையாகப் பழைய வருஷக் கேள்வித்தாள்களை வாங்கி வந்தார். அதற்கப்புறம்தான் படிப்பு ஒழுங்குக்கு வந்தது. ஏற்கனவே சரியாக எழுதிய பகுதிகளுக்கு வாரத்தில் ஒரு நாள்தான். மிச்ச நாளெல்லாம் கூட்டுக் குடும்பம், பாகப்பிரிவினை, வாரிசு, சுவீகாரம். காலையில் சட்டப் பிரிவும் தீர்ப்பும். பிற்பகலில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு பிரச்சினைக் கேள்விக்கு விடை. முதலில் எது தகராறு என்று எழுத வேண்டும், பிறகு சட்டம் என்ன சொல்கிறது, பிறகு அது இந்தக் கதைக்கு எப்படிப் பொருந்துகிறது, கடைசியில்தான் முடிவு. சனிக்கிழமை அதையெல்லாம் கட்டி எடுத்துக்கொண்டு குருநாதனிடம் திருத்தப் போவார்.

எனக்கும் ஒரு வேலை கொடுத்தார். எழுதியதைத் தமிழில் சொல்வார், நான் காய் அரிந்துகொண்டே கேட்பேன். "அது வழக்கமா..." என்று வாயெடுத்தால் நான் உடனே, "எந்தப் பிரிவுல இருக்கு?" என்று கேட்க வேண்டும். முதலில் பேச்சுக்குப் பேச்சு கேட்கவேண்டியிருந்தது. "உன் வாயை வச்சுக்கிட்டு நீயே கோர்ட்டுக்குப் போகலாம்" என்று கோபித்துக்கொள்வார். "போறேன், நீங்க சமைங்க" என்பேன். ஆவணி முடிவதற்குள் கேட்கவேண்டிய தேவை அநேகமாக இல்லாமல் போய்விட்டது. ஆனாலும் பயம் போகவில்லை. நடுவில் திடீரென்று நிறுத்தி, "வேற மாதிரி கேட்டா?" என்பார். எனக்கும் அதே பயம்தான். காட்டிக்கொள்ளவில்லை.

செப்டம்பரில் ரயிலேறிப் போய் எழுதிவிட்டு வந்தார். எப்படி எழுதினீக என்று கேட்டதற்கு, "நேரம் பத்தலை" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம் யோசித்தால், போன தடவை நேரம் மிச்சம் இருந்ததல்லவா! அதைப் பிடித்துக்கொண்டு மனதைத் தேற்றினேன்.

ஐப்பசி போனது, ரிசல்ட் வரவில்லை. கார்த்திகை பிறந்தது, வரவில்லை. மூத்தார், தான் ஊர் திரும்பப்போகும் சந்தோஷத்தில் கடுதாசி போட்டிருந்தார். அவர் பெண்டாட்டி என் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டாள், பாவம். மாமா டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைக்கச் சொன்னார். மாமியார் கப்பலுக்கென்று சீப்புச் சீடையும் மாவுருண்டையும் செய்து தகர டின்னில் அடைத்தார். அந்த எண்ணெய் வாசனை வளவு முழுக்கப் பரவியது. நான் ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை.

பெட்டி கட்டிய பிறகுதான் பேப்பரில் நம்பர் வந்தது. இவர் பார்க்க மாட்டேன் என்று தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றார். மாமாதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் வைத்துப் பார்த்தார். விரல் ஓரிடத்தில் நின்றது. அப்புறமும் நகரவில்லை.

"இருக்குடா" என்றார். பேப்பரை மடித்துக்கொண்டே, "உன் அண்ணனுக்கு நான் என்ன எழுதுறது?" என்றார்.

மூத்தார் பெண்டாட்டி எழுந்து தன் அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்குச் சந்தோஷம் பொங்கிய அதே நொடியில், இவள் இன்னும் எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டுமோ என்றும் தோன்றியது. இவர் தூணை விட்டுவிட்டு மாமா முன்னால் வந்து நின்றார்.

"அப்பச்சி, பாகம் பிரிக்கலைன்னு நீங்கதானே சொன்னீக. அப்ப அந்தக் கடை எல்லாருக்கும் பொதுச் சொத்து. ஒருத்தர் தலையிலயே எத்தனை வருஷம் கட்டுவீக? ஏஜண்டை வச்சுட்டு அண்ணனை வரச் சொல்லுங்க. வேண்டிய பத்திரத்தை நான் எழுதித் தாரேன்."

மாமா கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் துடைத்தார். பிறகு மாமியாரைப் பார்த்து, "அந்த டின்னைத் தூக்கி மூத்தவ அடுப்படியில வையி. பெரியவன் வந்து திங்கட்டும்" என்றார்.

மாமியார் தூக்குவதற்குள் நான் ஓடிப்போய் டின்னைத் திறந்து ஒரு மாவுருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். அழுதுகொண்டே தின்றேன்.