தங்கையன் கிளார்க்கின் தனிப்பேச்சு

தங்கையன் கிளார்க்கு நெய்யூரில் நின்று ஒருவர் காதில் ரகசியம் சொன்னால், குளச்சல் கடலில் வள்ளம் தள்ளுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இது கொஞ்சம் கூடுதல்தான், ஒத்துக்கொள்கிறேன். பாதி வழிவரை கேட்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு இரண்டு காதும் மந்தம். தான் பேசுவது தனக்காவது கேட்கட்டுமே என்று கத்துவார். ஆனால் பேனாவை எடுத்தால் அவ்வளவு சாது. 1931-இல் எங்கள் மிஷன் பெண் பள்ளியின் எழுத்து வேலை முழுவதும் அவர் கையில்தான் இருந்தது.

அதுவரை பள்ளிச் சம்பளம் கட்டாத பிள்ளைகளின் பேரைக் காலை ஜெபம் முடிந்ததும் வாசிப்பார்கள். யார் வீட்டில் துட்டு இல்லை என்று ஆண்டவருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் தெரியவரும். தங்கையனுக்கு அது பொறுக்கவில்லை. தலைமையாசிரியை சத்தியபாய் அம்மாளிடம் மன்றாடி அதை நிறுத்தினார். அதற்குப் பதிலாக ஒரு கடிதம் எழுதி, கட்டினவர் கட்டாதவர் என்று பாராமல் எல்லா வீட்டுக்கும் அனுப்பினார்:

‘கனம் பொருந்திய பெற்றோருக்கு. இந்தத் தவணைச் சம்பளத்துக்கு ஆடி பத்தாம் தேதி கெடு. முன்பே செலுத்தியவர்களுக்கு எங்கள் நன்றி. அன்றைக்குள் இயலாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். என்னிடம் தனியே வந்து பேசலாம். பேசியது வெளியே போகாது.’

முதலில் வந்தவர் மத்தியாஸ், குளச்சல் மீன் வியாபாரி. தங்கையன் மரியாதையாகக் கதவைச் சாத்தினார். பிறகு, “மத்தியாஸ்! இப்பம் எவ்வளவு கட்ட முடியும்?” என்று கேட்டார். ரோட்டில் போன மாட்டுவண்டி நின்றது.

“ஐயா, சத்தம் பைய, பைய…”

“பையவே தாரும்! மாசம் ரெண்டு ரூவா வீதம் தந்தா போரும்!”

மறுநாள் முதல் எதிர் வெற்றிலைக்கடையில் கூட்டம் கூடியது. பெற்றோர் வருவது நின்றது.

என் வகுப்புத் தாணம்மாளின் அம்மா பார்வதியம்மாளுக்கு அந்தக் கூட்டம்தான் எமன். புருஷன் இல்லாதவள். வயல் வரவெல்லாம் தாணம்மாளின் பெரியப்பா ஆறுமுகப்பெருமாள் கையில். “பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு இங்கிலீசு? சம்பளத்துக்கு ஒரு நாள் முட்டினாலும் புள்ள வீட்டுல நிக்கணும்” என்று சொல்லி வைத்திருந்தார். பார்வதியம்மாள் எருமைப் பாலை விற்றுச் சம்பளம் கட்டி வந்தாள். அந்த ஆடியில் எருமை நிறைசினையாகிப் பால் வற்றியிருந்தது.

கெடுவுக்கு முந்தின நாள் பள்ளிக்கூட வாசல்வரை வந்தாள். எதிர்க்கடைப் பெஞ்சில் வெற்றிலை மென்றபடி ஆறுமுகப்பெருமாள்.

“நான் போறேன் மக்ளே. அந்தக் கிளார்க்கு வாயத் தொறந்தா உன் படிப்பு போச்சி.”

“அவரு வாயத் தொறக்காண்டாம். நீ வா,” என்று தாணம்மாள் தன் சிலேட்டை எடுத்துக்கொண்டாள். இந்த யோசனை என்னுடையது என்று நான் பல கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறேன். இதை எழுதும்போது தாணம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் அவளுடையது என்றே எழுதிவிடுகிறேன். நான் ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தேன்.

“வாங்கம்மா!” என்றார் தங்கையன். கடையில் எல்லோரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். அவர் அடுத்த வார்த்தைக்கு மூச்சு இழுப்பதற்குள் தாணம்மாள் உதட்டில் விரலை வைத்துச் சிலேட்டை நீட்டினாள். அம்மா அவள் காதில் சொல்லச் சொல்ல, அவள் எழுதினாள்:

‘எருமை ஆவணியில் ஈனும். பிறகு பால் பணம் வரும். சம்பளத்துக்கு அதுவரை தவணை வேண்டும். பெரியப்பாவுக்குத் தெரியக்கூடாது.’

தங்கையன் படித்தார். வாயைத் திறந்தார். மூடினார். குச்சியை வாங்கிக் கீழே எழுதினார்: ‘ஆவணி முப்பதுவரை பொறுக்கத் தலைமையாசிரியை அனுமதி உண்டு. அபராதம் இல்லை. பேரை வெட்ட மாட்டோம்.’

தாணம்மாள் அதை அம்மாவின் காதில் வாசித்தாள். பார்வதியம்மாள் கைகூப்பினாள். அவர் பதிலுக்குக் கைகூப்பி, சிலேட்டைத் தன் தோளில் கிடந்த நேரியலாலேயே துடைத்துக் கொடுத்தார்.

எதிர்க்கடையில் ஆறுமுகப்பெருமாள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். “என்னவே, சத்தத்தக் காணும்?”

“பணத்தக் கட்டியிருப்பா ஓய்,” என்றான் கடைக்காரன். “கட்டாட்டா நமக்குக் கேக்காம இருக்குமா?”

அன்று முதல் எங்கள் பள்ளியில் தனிப்பேச்சென்றால் சிலேட்டுதான். எருமை ஆவணி பதினெட்டில் ஈன்றது. முப்பதுக்குள் சம்பளம் கட்டியாயிற்று. தங்கையன் அன்று சிலேட்டில் ஒரு புள்ளிகூட இல்லாமல் துடைத்ததால் பெரியப்பாவுக்குக் கடைசிவரை—

“ஏட்டி, நிறுத்து,” என்கிறாள் தாணம்மாள். “அந்த மனுசன் எங்க ஒழுங்காத் தொடச்சாரு? மேல் வரி அப்படியே இருந்துது. ராத்திரி பெரியப்பா சிலேட்டத் தூக்கி எழுத்துக்கூட்டி வாசிச்சாரு, ‘எருமை ஆவணியில் ஈனும்’னு. எனக்கு உசிரே இல்ல. அவரு என்ன சொன்னாருன்னு எழுது: ‘பரவால்லியே, பள்ளிக்கூடத்துல உருப்படியாத்தான் சொல்லிக்குடுக்கான். படிக்கட்டும்.’”