புக்கிட் ரம்பாயில் ஒரு ஹீட்டர்

மலாக்காப் பக்கம் புக்கிட் ரம்பாயில் அறையைச் சூடாக்க ஹீட்டர் வாங்கிய ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். விசிறி இல்லாமல் பத்து நிமிடம் உட்கார்ந்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் ஊர் இது. பெட்டியின் மேல் இருந்த படத்தைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, "ஏண்டி, வெயில் பத்தலையா உனக்கு?" என்று கேட்டுவிட்டு வாசலில் நின்றே சிரித்தாள். மகளுக்கு என்றதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

மகளுக்கு ஆசிரியர் வேலை கிடைத்து, தானா ராத்தாவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்குப் போஸ்டிங் வந்திருந்தது. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிளைப்பு. மழைக்காலத்தில் இந்த ஊரிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். அப்படிப்பட்டவளைக் குளிர் மலையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். ஒரு பழைய பலகை வீட்டில் அறை வாடகைக்கு எடுத்துத் தங்கினாள்.

அவள் அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் இருந்தபோது, குளித்துவிட்டு ஈரத் துண்டை நாற்காலி முதுகில் போட்டுவிட்டுப் போவாள். எத்தனை தடவை கத்தியிருப்பேன்! அவள் போன இரண்டாம் வாரம், நானே என் துண்டை அந்த நாற்காலியில் போட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பைத்தியம்தான், வேறென்ன.

ஒவ்வொரு சாயங்காலமும் போன் பேசுவோம். "பசியாறிட்டியா?" என்பேன். "ஆச்சும்மா" என்பாள். ஒருநாள் குரல் அடைத்துக் கிடந்தது.

"ரெண்டு போர்வை போட்டாலும் காலு சில்லுன்னு இருக்கும்மா. பலகை இடுக்குல காத்து வருது. விடியற நேரத்துல இளைப்பு வந்துருது. ஒரு ஹீட்டர் கிடைச்சா வாங்கி அனுப்புங்களேன். இந்த டெர்ம் முடியற வரைக்கும் பாக்குறேன். முடியலன்னா டிரான்ஸ்பர் கேட்டு மலாக்காவுக்கே வந்துடுறேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் என் நெஞ்சு குதித்தது. பெற்ற பிள்ளை மூச்சுக்குத் திணறுகிறாள், தாய்க்காரி உள்ளுக்குள் சந்தோஷப்படுகிறாள். என்னை நானே திட்டிக்கொண்டு மறுநாளே கடைக்குப் போனேன்.

கிளேபாங் போகும் சாலையில் மின்சாமான் கடை வைத்திருக்கும் அண்ணன் எனக்குப் பல வருடப் பழக்கம். "ஹீட்டரா? இங்க ஏர்கோன் விக்கவே நேரம் பத்தல" என்றார். இருந்தாலும் எங்கேயோ சொல்லி ஒன்றை வரவழைத்துக் கொடுத்தார். எண்ணெய் நிரப்பிய ஹீட்டர், தடித் தடித் தகடுகளாக, சக்கரம் வைத்து நிற்கும். அதிகபட்சம் இரண்டாயிரம் வாட். சாய்ந்தால் தானே நின்றுவிடும், மிஞ்சிச் சூடானாலும் நின்றுவிடும், அறை போதுமான சூட்டுக்கு வந்தாலும் நின்றுவிடும் என்றார். நான் தலையாட்டினேன். மனம் அதில் இல்லை.

செங் என்ற பக்கத்து ஊரில் மேசை விசிறி செய்யும் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாகக் கடைசிச் சோதனை மேசையில் நிற்கிறேன். செருகியில் மாட்டு, சுவிட்சைப் போடு, முதலில் குறைந்த வேகம், ஐந்து வரை எண்ணு. ஓடினால் பச்சை ஸ்டிக்கர், ஓடாவிட்டால் சிவப்பு. ஏன் ஓடவில்லை என்று கேட்பது என் வேலை இல்லை. அதற்கு வேறு மேசை இருக்கிறது.

வீட்டில் ஹீட்டரையும் அப்படித்தான் சோதித்தேன். சுவரில் மாட்டினேன். புதுச் சாமானை எடுத்ததும் முழுச் சூட்டில் வைக்க மனம் வராமல், சூட்டுத் திருகியை நடுக்கோட்டில் வைத்தேன். ஐந்து எண்ணினேன். ஐம்பதும் எண்ணினேன். விளக்கு எரியவில்லை, தகடு சுடவில்லை. ரோசாக். கெட்டுப்போன சாமான். கைப்பையில் எப்போதும் கிடக்கும் ஸ்டிக்கரில் சிவப்பைக் கிழித்து அதன் நெற்றியில் ஒட்டினேன்.

மறுநாளே கடைக்குக் கொண்டுபோய் மாற்றியிருக்கலாம். போகவில்லை. "ஹீட்டர் ரோசாக்குமா, மாத்திக் கொடுக்க நாளாகும்ங்கிறாங்க" என்று மகளிடம் பொய் சொன்னேன். ஒரு வாரம் போனது. "வந்துருச்சாம்மா?" என்றாள். "ஸ்டாக் இல்லையாம்லா" என்றேன். இரண்டாவது வாரமும் அதே பேச்சு. அந்த ஹீட்டர் கூடத்து மூலையில் சிவப்புப் பொட்டோடு என்னைப் பார்த்துக்கொண்டே நின்றது. நான் போய் அவளுடைய அறையைக் கூட்டி, மெத்தை உறையைத் துவைத்துப் போட்டு வைத்தேன். வந்தால் படுக்க வேண்டுமே.

மூன்றாம் வாரம் அவளே ஒரு கதை சொன்னாள், சிரித்துக்கொண்டு.

"அம்மா, வீட்டுக்காரம்மா அவங்க பழைய ஹீட்டர் ஒண்ணு கொடுத்தாங்க. கம்பி செவசெவன்னு எரியுமே, அது. சாயங்காலம் துண்டை முன்னாடி காயப் போட்டுட்டு கோப்பி கலக்கப் போனேன். துண்டு வழுக்கி, அதையும் இழுத்துக்கிட்டு கீழ விழுந்துருச்சு போல. வந்து பாத்தா, விழுந்தும் எரிஞ்சிக்கிட்டே இருக்கு! பாய் கருகிப்போச்சு. துண்டும் புகையுது. நல்லவேளை, நான் முழிச்சிக்கிட்டு இருந்தேன்."

பலகை வீடு. விழுந்தாலும் நிற்காத ஹீட்டர். அதன் முன்னால் என் பிள்ளையின் ஈரத் துண்டு. "அடி பாவி!" என்று கத்தினேன். அவளைச் சொன்னேனா, என்னைச் சொன்னேனா, தெரியவில்லை. "அதை இப்பவே வீட்டுக்காரம்மாகிட்ட திருப்பிக் கொடு. இன்னிக்கு இன்னொரு போர்வை வாங்கிப் போத்திக்கோ. நான் அனுப்புறேன்" என்றேன்.

மறுநாள் காலை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, ஹீட்டரைக் கடைக்கு உருட்டிக்கொண்டு போனேன். போன வேகத்தில் அண்ணனைப் பிடித்து உலுக்கினேன். "என்னண்ணே, ரோசாக் சாமானத் தலையில கட்டிட்டீங்க? என் புள்ள அங்க வெந்து செத்திருப்பா!" என்றேன். நியாயமா அது? மூன்று வாரம் மூலையில் வைத்திருந்தது நான். ஆனாலும் யாரையாவது ஏச வேண்டியிருந்தது.

அவர் சிவப்பு ஸ்டிக்கரைப் பார்த்தார். ஹீட்டரைச் சுவரில் மாட்டினார். "எங்க வச்சீங்க?" என்றார். நடுக்கோட்டைக் காட்டினேன். அவர் திருகியை மெல்ல மேலே திருகிக்கொண்டே போனார். கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் டக்கென்று ஒரு சத்தம். விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் தகடு கையைச் சுட்டது.

"தங்கச்சி, இது விசிறி இல்ல. அறை எவ்வளவு சூடா இருக்குன்னு பாத்துட்டுத்தான் எரியும். நடுக்கோடுன்னா இருபது டிகிரி பக்கம்னு வச்சுக்குங்க. உங்க வீடே முப்பதுக்கு மேல. வேண்டிய சூடுதான் ஏற்கெனவே இருக்கே, அது எதுக்கு எரியணும்? அது நல்லாத்தான் இருக்கு." பிறகு ஹீட்டரைக் கொஞ்சம் சாய்த்தார். மறுபடி டக். விளக்கு அணைந்தது. நிமிர்த்தியதும் எரிந்தது. "பாத்தீங்களா?"

நான் அப்படியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நல்ல சாமானுக்குச் சிவப்பு ஒட்டியிருக்கிறேன். பத்தொன்பது வருடத்தில் நடக்காத தப்பு. ஏன் ஓடவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்க மனம் இல்லை, அதுதான் உண்மை. அது ஓடக் கூடாது என்று எனக்கு இருந்தது.

அண்ணன் அப்புறம்தான் முக்கியமானதைக் கேட்டார். "அந்த அறையில எத்தனை பிளக் பாயிண்ட்?" ஒன்றுதான். அதில் அவள் கெட்டிலைப் போடும்போது யாராவது சுடுதண்ணீரில் குளித்தால் வீடே இருண்டுபோகும் என்று சொல்லியிருக்கிறாள். அண்ணன் உதட்டைப் பிதுக்கினார்.

"அப்ப இது சரிவராது. ரெண்டாயிரம் வாட், ஒரு மணி நேரம் முழுசா எரிஞ்சா ரெண்டு யூனிட். பழைய வயரு தாங்காது. குறைச்சு வச்சாலும், சூடெல்லாம் பலகை இடுக்கு வழியா வெளிய போகும். மலையையே குளிர் காய வைக்கலாம், உங்க மகளுக்கு ஒண்ணும் மிஞ்சாது. அறையைச் சூடாக்காதீங்க, படுக்கையைச் சூடாக்குங்க."

அவர் அப்போதே ஆள் அனுப்பி வரவழைத்துத் தந்தது மெத்தைக்கு மேல், விரிப்புக்கு அடியில் போடும் மின்விரிப்பு. அறுபது வாட், ஒரு பழைய குண்டு பல்பு அளவுதான். எட்டு மணி நேரம் போட்டாலும் அரை யூனிட்கூட ஆகாது. மிஞ்சிச் சூடானால் தானே நிற்கும். நேரம் வைத்தால், நேரம் முடிந்ததும் நிற்கும். மடித்துப் போடக் கூடாது, ஊசி குத்தக் கூடாது, நனையக் கூடாது, எக்ஸ்டென்ஷனில் மாட்டாமல் நேராகச் சுவரில் மாட்ட வேண்டும். இந்தத் தடவை ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிக் கேட்டேன். ஏன் என்றும் கேட்டேன். மடித்தால் உள்ளே இருக்கும் கம்பி முறியும், மடிப்பில் சூடு சேரும் என்றார். ஹீட்டரை அவரிடமே விட்டுவிட்டேன்.

ஆனால் சோதிக்காமல் அனுப்புவேனா? அன்றைக்கு மத்தியானம், வெயில் மண்டையைப் பிளக்கும் நேரம், மகளுடைய கட்டிலில் மின்விரிப்பைச் சுருக்கம் இல்லாமல் விரித்தேன். ஒரு மணி நேரம் வைத்து, சூட்டைக் கடைசிக் கோட்டில் வைத்து, மேலே படுத்தேன். விசிறி முழு வேகத்தில் ஓடியது. முதுகு வெந்தது. கழுத்தில் வேர்வை ஓடித் தலையணை நனைந்தது. நல்லவேளை, பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்க்கவில்லை. கால் படும் இடம் சூடாகிறதா என்று பாதத்தை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். அங்கேதானே அவளுக்குச் சில்லென்று இருக்கிறது.

கெட்டுப்போயிருக்கக் கூடாதா என்று அப்போதும் மனம் கேட்டது. நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காமல் போனால் திருப்பிக் கொடுத்துவிடலாம். இன்னும் இரண்டு வாரம் ஓடும். டெர்ம் முடியும். அவள் வந்துவிடுவாள். இந்தக் கட்டிலில் படுப்பாள், நாற்காலியில் துண்டைப் போடுவாள், நான் கத்துவேன்.

சரியாக ஒரு மணி நேரத்தில் விளக்கு அணைந்தது. விரிப்பு மெல்ல ஆறியது. ஒரு குறையும் இல்லை. எழுந்து முகம் கழுவிவிட்டு, பெட்டியின் மேல் பச்சை ஸ்டிக்கரை ஒட்டினேன். கோணலாகப் போய்விட்டது. எடுத்து நேராக ஒட்டினேன். சாயங்காலமே கூரியரில் போட்டேன்.

அது போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் போன் வந்தது. குரலில் அடைப்பே இல்லை.

"அம்மா, படுக்கறதுக்கு முன்னாடி போட்டு வச்சேன். தூக்கம்னா அப்படி ஒரு தூக்கம்! இளைப்பே வரல."

"அப்படியா" என்றேன்.

"டிரான்ஸ்பர் கேக்க வேண்டாம்னு இருக்கேன்மா. இந்தப் பிள்ளைங்கள விட்டுட்டு வர மனசில்ல. சரிதானே?"

"சரிம்மா" என்றேன். "மடிச்சு மட்டும் போடாத. பசியாறிட்டியா?"

ஆச்சு என்றாள்.

வேலைக்குப் போனேன். அன்றைக்கு என் மேசைக்கு வந்த விசிறி எல்லாம் நன்றாகவே ஓடியது. பச்சை, பச்சை, பச்சை என்று ஒட்டிக்கொண்டே இருந்தேன். எதிர் மேசைக்காரி, "என்னக்கா, கண்ணு கலங்கியிருக்கு?" என்று கேட்டாள். விசிறிக் காத்து என்றேன்.